வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்

கட்டளையம்மாவை வீட்டில் யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. வீட்டில் அவள் சொல்லி நடந்த காரியம் என்று ஒன்றைக் காட்டுவதே கஷ்டம். அலுவலகத்தில்தான் அவள் கட்டளையம்மா. மாடியில் இரண்டு அறைகள், நான்கு கணினிகள், எப்போதும் ஏதாவது ஒரு மூலையில் சூடாகிக்கொண்டிருக்கும் ஒரு சார்ஜர். இவ்வளவுதான் அந்த விளம்பர நிறுவனம். அங்கே உட்கார்ந்து, வீடியோ செய்து தரும் மெஷினுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஊரெல்லாம் அதை ப்ராம்ப்ட் என்கிறது. முதலாளி முதல் நாளே "கட்டளை" என்று மொழிபெயர்த்து, அவளுக்கே பட்டமாகவும் சூட்டிவிட்டார்.

இதற்கு முன்பு அவள் வேறொரு இடத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அதோடு ஒப்பிட்டால் இந்த வேலை சொர்க்கம். மெஷின் தப்பு செய்யும், ஆனால் திட்டாது. எழுதியது திரையில் உயிரோடு எழுந்து நடக்கும்போது அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு வரும். இந்த வேலையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சம்பள உயர்வு கிடைக்காது என்கிற அளவுக்கு விவரம் அவளுக்கு உண்டு.

அந்த வேலைக்குத்தான் ஒரு நாற்காலி உலை வைத்தது.

நாற்காலிக்காரர் பெரிய கடை ஒன்றைத் திறக்கப் போகிறார். முட்டி வலிக்காரர்களுக்கென்று கொஞ்சம் உயரமாக, கைப்பிடி நீளமாக ஒரு நாற்காலி செய்திருக்கிறார். தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காரலாம் என்பதுதான் அதன் பெருமை. அவர் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் வாசல் வழியாக உள்ளே வர வேண்டும், நாற்காலியில் உட்கார வேண்டும். நடுவில் வெட்டு ஒட்டு கூடாது, உடம்பு துள்ளக் கூடாது.

"நடந்து வர்றதைக் காட்டி, அப்புறம் உக்காந்திருக்கிறதைக் காட்டினா, நடுவுல நாலு பேர் தூக்கி வச்சாங்களோன்னு நினைப்பாங்க சார் ஜனங்க," என்றார் அவர். "நான் விக்கிறதே அந்த நடுவுல நடக்கிறதைத்தான்."

பேச்சில் நியாயம் இருந்தது. முதலாளியும் வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டுவிட்டார். முதலில் ஒருவர் வந்து உட்காரும் வீடியோ. அது பிடித்திருந்தால் கிழவர், பாட்டி, கர்ப்பிணி, கால் கட்டு போட்டவர் என்று விதவிதமாக ஆட்களை மாற்றி மாற்றிக் கடை முழுக்க ஓட விடுவார்கள். அத்தனை பேரைக் கூட்டி வந்து படம் பிடிக்க எங்கே போவது? அதனால்தான் மெஷினில் செய்வதாகப் பேச்சு.

கட்டளையம்மாவும் இதில் என்ன இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள். "ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்து நாற்காலியில் அமர்கிறார்" என்று எழுதினாள். மெஷின் யோசித்தது. பிறகு ஒரு மனிதரைக் கொண்டு வந்தது. அவர் கதவைத் திறந்தார். கை கதவின் பிடியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் பிடியும் கூடவே வந்தது. இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டை மூன்றாவது காலால் வைத்தார். அடுத்த கணம் நாற்காலியில் இருந்தார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது போலிருந்தது முகம்.

"மூன்றாவது கால் வேண்டாம்" என்று சேர்த்து எழுதினாள். கால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. வேண்டாம் என்று பெயர் சொல்வதும் அதற்கு ஒருவகையில் நினைவூட்டுவதுதான் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். எரிச்சலில் எழுதிவிட்டாள்.

முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மச்சான் நின்றுகொண்டிருந்தான்.

இந்த மச்சானை எல்லோரும் ஹீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படத்தில் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் மாலை வரை பேசுவான். நடிப்புப் பயிற்சி, குதிரை ஏற்றம், கண்ணீரைச் சொன்ன நேரத்தில் வரவழைப்பது என்று கையில் பல வித்தைகள். வேலை மட்டும்தான் இல்லை. அக்கா புருஷனின் அலுவலகத்துக்குத் தினமும் வந்து, குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, வாய்ப்பு கதவைத் தட்டக் காத்திருந்தான்.

"இதுக்குப் போய் மெஷினா மாமா?" என்றான். "நடந்து வந்து உக்கார்றது. பச்சைக் குழந்தை செய்யும். இந்த அக்கா பாவம், காலையில இருந்து காலை எண்ணிக்கிட்டு இருக்காங்க."

"தம்பி, நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள் கட்டளையம்மா.

"சரிம்மா, சரிம்மா," என்று முதலாளி குறுக்கே விழுந்தார். அவர் கெட்டவரில்லை, வீட்டில் மனைவியிடம் தினமும் பதில் சொல்ல வேண்டியவர். "நாளைக்குக் காலையில நாற்காலிக்காரர் வந்துருவார். அதுக்குள்ள வந்துச்சுன்னா சரி. வரலைன்னா... வெளியே ஆள் வச்சு கேமராவுல எடுக்கிற பக்கமே போயிருவோம். அதுக்கு இவன் இருக்கான். உங்க இடத்துல இவனை உக்கார வச்சுருவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? கட்டளையம்மாவுக்குப் பழைய ஹெட்போன் காதில் ஏறி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

ஹீரோ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் உற்சாகமானான். "போட்டியா வச்சுக்கலாம் மாமா. நானும் ஒண்ணு எடுக்கிறேன், போன்லயே. அக்கா மெஷின்ல செய்யட்டும். எது எதுன்னு சொல்லாம ரெண்டையும் அவருக்குப் போட்டுக் காட்டுவோம். அவரே சொல்லட்டும்."

"முகம் வேற வேறயா இருந்தா கண்டுபிடிச்சுருவாரே?" என்றார் முதலாளி.

"அதுக்கென்ன, என் போட்டோவையே குடுக்கிறேன். என் முகத்தையே வச்சுச் செய்யட்டும். இந்த முகத்தைக் கெடுக்க மெஷினாலயும் முடியாது."

கட்டளையம்மா அவனை வாசலில் நிற்க வைத்து ஒரு படம், நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தாடையைத் தூக்கினான். தாடையை இறக்க வைப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

முதல் படத்தில் தொடங்கிக் கடைசிப் படத்தில் முடி, நடுவில் உள்ளதை நீயே நிரப்பு என்று மெஷினிடம் விட்டாள். தொடக்கமும் முடிவும் அச்சாக வந்தன. நடுவில்தான் விபரீதம். வாசல் இடப்பக்கம், நாற்காலி வலப்பக்கம். ஹீரோ வலப்பக்கம் பார்த்து நடந்தான். நாற்காலியோ வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. முடிவில் அவன் இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். மெஷின் அவனைத் திருப்பவில்லை. போகிற போக்கில் முதுகை நெஞ்சாக்கியது. பிடரி வழியாக முகத்தைக் கொண்டு வந்து வைத்தது. மெழுகு உருகிக் கெட்டியான மாதிரி ஹீரோ புது ஹீரோவானான்.

ஹீரோ அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "விடுங்கக்கா, வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

வீட்டுக்குப் போனாள். தூங்க இல்லை. பள்ளி வேன் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த கணவரை அப்படியே வாசலுக்கு வெளியே தள்ளினாள்.

"என்னடி இது? இப்பதானே வந்தேன்?"

"மறுபடி வாங்க. வந்து அந்த நாற்காலியில உக்காருங்க."

அவர் வந்தார். மாப்பிள்ளை அழைப்பில் வருகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, நாற்காலியை முறைத்துப் பார்த்து, கும்பிடாத குறையாக உட்கார்ந்தார்.

"ஏங்க, தினமும் இப்படியா உக்காருவீங்க?"

"நீ இப்படி உத்துப் பாத்தா எனக்கு எப்படி உக்கார வரும்? கை எங்க வைக்கிறதுன்னே தெரியல."

மறுபடி வெளியே தள்ளினாள். மறுபடி வந்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மனிதத் தன்மை குறைந்துகொண்டே போனது. கடைசியில் அவள் சலித்துப்போய் "போதும், போங்க" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். அப்போது அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார், பேசிக்கொண்டே உள்ளே வந்தார், உட்கார்ந்தார். கட்டளையம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் நேராக நாற்காலிக்குப் போய் உட்காரவில்லை. நாற்காலிப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை அதைச் சுற்றி வைத்து, உடம்பைத் திருப்பினார். கை தானாகப் பின்னால் போய்க் கைப்பிடியைத் தேடியது. முழங்காலின் பின்பக்கம் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. இடுப்பு பின்னால் போக, தோள் கொஞ்சம் முன்னால் குனிந்தது. அதற்கப்புறம்தான் கீழே இறங்கினார். உட்காருவது என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டு வந்தவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. திரும்புவதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், மெஷின் திருப்பவில்லை என்று அதைப் போய்க் குறை சொல்லிக்கொண்டிருந்தாளே!

மறுநாள் எல்லோருக்கும் முன்பாக அலுவலகத்துக்கு வந்தாள். முதல் காரியமாக நாற்காலியை நகர்த்தினாள். வாசலைப் பார்த்திருந்ததைக் கேமராவைப் பார்க்கும்படி திருப்பினாள். இப்போது நடந்து வருகிறவன் கால்வட்டம் திரும்பினால் போதும், முகம் ஒருபோதும் மறையாது. வாசலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். எட்டு நொடி வீடியோவில் ஆளை நீள நடக்க விட்டால் மெஷின் அவசரத்தில் எதையாவது விழுங்கிவிடும். கதவை முழுக்கத் திறந்து வைத்தாள். பிடியையே தொடாவிட்டால் கை எதில் ஒட்டும்? ஹீரோ கொட்டாவியோடு வந்ததும் மறுபடி நிற்க வைத்தும் உட்கார வைத்தும் படம் எடுத்தாள். அவனும் சந்தேகப்படாமல் நின்றான். கேமராவைக் கண்டால் அவனுக்கு சந்தேகம் என்பதே வராது.

பிறகு எழுதினாள்.

"ஒரே தொடர் காட்சி. கேமரா அசையாமல் நிற்கிறது. தலை முதல் பாதம் வரை ஆள் முழுக்கத் தெரிகிறான். திறந்த வாசலும் நாற்காலியும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை காட்சிக்குள் இருக்கின்றன. அவன் இயல்பான வேகத்தில் வாசலைத் தாண்டிச் சில எட்டு வைத்து நாற்காலியின் அருகே வந்து நிற்கிறான். இடது காலை ஊன்றிக் கேமராவின் பக்கம் திரும்புகிறான். அவன் முதுகு இப்போது நாற்காலியின் பக்கம். ஒரு கை பின்னால் நீண்டு கைப்பிடியைப் பிடிக்கிறது. முழங்கால்கள் மடிகின்றன, உடல் சற்று முன்னால் சாய்கிறது, இடுப்பு மெதுவாக இறங்கி இருக்கையைத் தொடுகிறது. அவன் முதுகைச் சாய்த்து அசையாமல் இருக்கிறான்."

வேண்டாம் என்ற சொல்லே அதில் இல்லை. துள்ளாதே, உருகாதே, காலைக் கூட்டாதே என்று ஒரு வார்த்தை கிடையாது. என்ன நடக்க வேண்டுமோ அதை மட்டும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, நடக்கிற வரிசையில் எழுதியிருந்தாள்.

முதலில் வந்ததில் ஒரு பாதம் தரையில் வழுக்கியது. கட்டளையில் ஒரே ஒரு இடத்தை மாற்றினாள்: ஒவ்வொரு பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிகிறது. மற்றதைத் தொடவில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைத்துவிட்டால் எது சரிசெய்தது என்று எப்படித் தெரியும்? அதே கட்டளைக்கே மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் தரும் என்பதால் திரும்பத் திரும்ப ஓட விட்டாள். ஒன்றில் கை கைப்பிடிக்குள் புகுந்தது. ஒன்றில் அவன் தேவையில்லாமல் சிரித்தான். பிறகு ஒன்று வந்தது.

அவன் வந்தான். நின்றான். திரும்பினான். கை பின்னால் போனது. உட்கார்ந்தான். அவ்வளவுதான். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வீடியோ அது. கட்டளையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹீரோவும் சும்மா இருக்கவில்லை. போனை ஸ்டாண்டில் நிறுத்தி, அதே வாசல், அதே நாற்காலி, அதே சட்டையில் தன் வீடியோவை எடுத்து முடித்திருந்தான். ஒரே டேக் என்று வேறு பீற்றிக்கொண்டான்.

நாற்காலிக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் வந்த முதலாளிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எது எது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டார்கள்.

முதல் வீடியோ ஓடியது. வாசலில் ஒருவன் வந்து நின்று, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி ஒரு கணம் நிதானித்தான். கேமராவைப் பார்த்து லேசாகப் புன்னகைத்தான். அந்தப் புன்னகையை விடாமல், முகம் கேமராப் பக்கமும் கால் நாற்காலிப் பக்கமுமாக, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தான். நாற்காலி வந்ததும் ஒரு சுழற்று. சட்டைக் காலரை ஒரு இழுப்பு. அப்புறம் பார்க்காமலேயே தொப்.

இரண்டாவது ஓடியது. ஒருவன் வந்தான், உட்கார்ந்தான்.

நாற்காலிக்காரர் இரண்டையும் மறுபடி போடச் சொன்னார். பிறகு முதல் வீடியோவைச் சுட்டி, "இது மெஷின்," என்றார்.

"எப்படி சொல்றீங்க?" என்றார் முதலாளி.

"அட, பாத்தாலே தெரியுதே சார். முகம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எந்த மனுசன் இப்படி நடப்பான்? இடுப்புக்கு மேல ஒரு ஆள், கீழ ஒரு ஆள். அப்புறம் அந்தச் சிரிப்பு! வீட்டுக்குள்ள வர்றவன் யாரைப் பாத்துச் சிரிப்பான்? மெஷினுக்கு இன்னும் மனுசங்களைப் புடிபடல, அதான்." அவர் இரண்டாவதைக் காட்டினார். "இது நிஜ ஆளு. எவ்வளவு பாந்தமா உக்கார்றான் பாருங்க. என் நாற்காலியில உக்காரவே பொறந்தவன். ஆனா நான் மெஷின்ல தானே கேட்டேன்? ஆளை வச்சு எடுத்துட்டு என்னை ஏமாத்தலாம்னு பாத்தீங்களா?"

கட்டளையம்மா சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளே கணினியைத் திருப்பி, உருகினது, ஒட்டினது, கால் கூடினது என்று நேற்றிலிருந்து வந்த கழிவுகளையெல்லாம் வரிசையாக ஓட விட்டுக் காட்டினாள். நாற்காலிக்காரர் வாயைப் பிளந்தார்.

"அப்ப முதல்ல போட்டது?"

எல்லோருடைய பார்வையும் ஹீரோ மேல் விழுந்தது. அவன் குளிர்சாதனத்துக்குக் கீழே நின்றிருந்தும் வியர்த்திருந்தான்.

"அது... தம்பிதான்," என்றார் முதலாளி.

நாற்காலிக்காரர் ஹீரோவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி ஹீரோவைப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டு, இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. துடைத்துக்கொண்டு கட்டளையம்மாவிடம் திரும்பினார்.

"இந்தம்மாவே மத்ததையும் செய்யட்டும். கிழவர், பாட்டி, கட்டுப் போட்டவர், எல்லாத்தையும். வேற யார் கையிலயும் குடுக்காதீங்க." போகும்போது வாசலில் நின்று ஹீரோவைக் கூப்பிட்டார். "தம்பி, முகம் நல்ல முகம். கடை திறக்கிற அன்னிக்கு நேர்ல வாங்க. திரையில மெஷின் செஞ்சது ஓடட்டும், பக்கத்துல நீங்க அதே மாதிரி நடந்து வந்து உக்காருங்க. சும்மா இல்ல, காசு குடுத்துடறேன். ஆனா, அதே மாதிரி."

முதலாளி கட்டளையம்மாவின் மேசைக்கு வந்து, அவளுடைய நாற்காலியில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்பதில் அவருக்கு அதுதான் உச்சம். அவளுக்கு அது போதும். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் தட்டாவிட்டாலும் மன்னித்திருப்பாள்.

மத்தியானம் முழுக்கப் பக்கத்து அறையில் தடதடவென்று சத்தம். ஹீரோ, மெஷின் செய்த ஹீரோவைப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். நடப்பான், நிற்பான், திரும்புவான், கையைப் பின்னால் நீட்டுவான். ஒவ்வொன்றும் தனித்தனியாக, சாவி கொடுத்த பொம்மை மாதிரி துண்டு துண்டாக வந்தது. ஒரு தடவை கைப்பிடி கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு மெல்ல வந்து அவள் மேசைப் பக்கத்தில் நின்றான். தாடை அதனுடைய இடத்தில் இருந்தது.

"அக்கா."

"சொல்லுங்க தம்பி."

"எனக்கு வரலக்கா. நான்தான் அது, ஆனா எனக்கு வரல." "அதுக்கு எழுதிக் குடுத்தீங்களே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

கிண்டல் செய்யலாம் என்று வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. மெஷினுக்கு எழுதியதை அப்படியே எடுத்துக் கொடுக்கப் போனாள். காலை ஊன்று, கையை நீட்டு, முழங்காலை மடி... இதையெல்லாம்தானே மத்தியானம் முழுக்கச் செய்து கீழே விழுந்தான்? இதெல்லாம் உடம்பு என்றால் என்னவென்று தெரியாத மெஷினுக்குச் சொல்ல வேண்டியது. இவனுக்கு உடம்பு பிறந்ததிலிருந்து இருக்கிறது. பிறகு, எந்த மெஷினுக்கும் எழுதிப் பிரயோஜனமில்லாத ஒரு வரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அவனிடம் நீட்டினாள்.

"உன்னை யாரும் பார்க்கவில்லை."

ஹீரோ அதைப் படித்தான். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். மறுபடி படித்தான். அவன் முகத்தில் நிஜமாகவே ஒரு வேதனை வந்தது.

"யாருமே பாக்கலன்னா," என்றான், "நான் எதுக்குக்கா நடக்கணும்?"